ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எத்தனை மாதம்?

லேப்டாப் திடீரென்று நின்றுபோகிறது. சர்வீஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்கிறார். அந்தத் தொகை அதிகமா, நியாயமா என்று முடிவு செய்ய நாம் உடனே அதை வேறொரு தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் கணக்கு சரியாவதும் தவறாவதும். ஒருவர், "அம்பதாயிரம் கொடுத்து வாங்கினது, அஞ்சாயிரத்துக்கா கணக்குப் பார்க்கிறது?" என்பார். இன்னொருவர், "வித்தாலே பதினாலாயிரம்தான் வரும், அதுக்கு எட்டாயிரம் செலவா?" என்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே லேப்டாப்தான், ஒரே பழுதுதான்.

"பழுதுச் செலவு பாதி விலைக்கு மேல் போனால் விட்டுவிடு" என்று ஒரு பொது விதி புழக்கத்தில் உண்டு. எந்த விலையில் பாதி என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது எவ்வளவு பெரிய விடுபடல் என்பதைத் தாம்பரத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் ஓர் ஆசிரியையின் லேப்டாப்பை வைத்துப் பார்க்கலாம்.

அவர் அதை வாங்கியது 2020 ஜூனில், ஊரடங்கு காலத்தில், ஆன்லைன் வகுப்புக்காக. விலை 48,000 ரூபாய். 15.6 அங்குலத் திரை, i5-1035G1 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. ஐந்தரை வருடம் ஒழுங்காக ஓடிவிட்டு, 2025 டிசம்பரில் ஒரு நாள் மாலை பவர் பட்டனை அழுத்தினால் எந்தச் சலனமும் இல்லை. சார்ஜர் விளக்குகூட எரியவில்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். ஜிஎஸ்டி சேர்த்து 24,000. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் போர்டை மாற்றாமல் அதிலேயே வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். கடைக்காரர்கள் இதைச் 'சிப் லெவல் சர்வீஸ்' என்பார்கள். அதற்கு 5,500, மூன்று மாத வாரண்டி. பேட்டரி ஏற்கெனவே நாற்பது நிமிடம்தான் நின்றுகொண்டிருந்தது. அதையும் மாற்றினால் இன்னொரு 3,000.

இப்போது அந்தப் பாதி விலை விதியைப் போட்டுப் பாருங்கள். வாங்கிய விலையில் பாதி 24,000. அப்படியானால் சர்வீஸ் சென்டர் சொன்ன தொகையே தேறிவிடுகிறது! இன்று விற்றால் கிடைக்கும் 14,000-ல் பாதி 7,000. ரிச்சி தெரு வேலை மட்டும் என்றால் தேறும், பேட்டரியையும் சேர்த்தால் தேறாது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு லேப்டாப்பை இன்று வாங்க ஆகும் 24,000-ல் பாதி 12,000. பேட்டரியோடு சேர்த்தும் தேறும். ஒரே விதி, மூன்று விடை. அதனால் இந்த விதியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

வாங்கிய விலையை முதலில் ஒதுக்கிவிடலாம். அந்தப் பணம் 2020-லேயே போய்விட்டது. பழுது பார்த்தாலும் வராது, பார்க்காவிட்டாலும் வராது. கணக்கேட்டில் உள்ள மதிப்பும் அப்படித்தான். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார்கள். அந்தக் கணக்கில் 48,000 ரூபாய் லேப்டாப் ஐந்து ஆண்டு முடிவில் ஏறத்தாழ 3,700 ரூபாய்க்கு வந்துவிடும். சந்தையில் அதே லேப்டாப் ஓடும் நிலையில் 14,000-க்குப் போகிறது. சிறிய அலுவலகங்களில் கணக்கேட்டு மதிப்பைப் பார்த்து, நன்றாக ஓடக்கூடிய இயந்திரங்களைக் காயலான் கடை விலைக்குத் தள்ளிவிடுவதைக் கண்டிருக்கிறேன். வரிக்காகப் போடும் கணக்கு வரிக்கு மட்டும்தான்.

எஞ்சுவது இன்றைய சந்தை விலை. அது ஒரு விலை இல்லை, மூன்று விலை. நாம் விற்றால் கிடைப்பது ஒன்று. அதே மாடலைக் கடையில் நாம் வாங்கப் போனால் கேட்பது இன்னொன்று. பழுதான நிலையிலேயே கொடுத்தால் கிடைப்பது மூன்றாவது. ஆசிரியையின் மாடலுக்கு இவை முறையே 14,000, 19,000, 4,000. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள 5,000 ரூபாயில் கடைக்காரரின் லாபம், சுத்தம் செய்து சரிபார்க்கும் கூலி, அவர் தரும் வாரண்டி எல்லாம் அடங்கும்.

இவற்றைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் எண் இருக்கும். பிராண்டையும் திரை அளவையும் மட்டும் வைத்துத் தேடக் கூடாது. ஒரே பெயரில் வெவ்வேறு ப்ராசஸரோடு பல மாடல்கள் வரும். ஓஎல்எக்ஸ் போன்ற தளங்களில் தெரிவது விற்பவர் கேட்கும் விலை, விற்ற விலை இல்லை. மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும் விளம்பரத்தின் விலைக்கு யாரும் வாங்கவில்லை என்றுதான் பொருள். ஒரு பழைய லேப்டாப் கடைக்குப் போன் செய்து விற்பவராக விலை கேளுங்கள். இன்னொரு கடைக்கு வாங்குபவராகப் பேசுங்கள். இரண்டு பேச்சில் இரண்டு விலையும் தெரிந்துவிடும். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும் தளங்கள் இணையத்தில் காட்டும் தொகை, ஆள் வந்து கீறல், கீல், பேட்டரி எல்லாம் பார்த்த பிறகு குறையக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழுதான நிலையின் விலையைப் பலர் கேட்பதே இல்லை. திரை, ரேம், எஸ்எஸ்டி மூன்றும் நல்ல நிலையில் இருந்தால் உயிரில்லாத லேப்டாப்புக்கும் விலை உண்டு; கடைக்காரர் அதைக் கழற்றி வேறு இயந்திரங்களுக்குப் போடுவார். 2025-ன் பிற்பகுதியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலைகள் ஏறியிருக்கின்றன. அதனால் போன வருடம் நண்பர் ஒருவர் பெற்ற விலையை வைத்து இந்த வருடம் பேசாதீர்கள்.

லேப்டாப்பை விற்கப் போகிறவருக்கு இந்த மூன்று விலையே போதும். உயிரில்லாமல் 4,000, உயிரோடு 14,000. சரிசெய்வதால் விலை 10,000 கூடுகிறது, செலவு 5,500. சரிசெய்து விற்பதுதான் லாபம். ஆனால் விற்பதற்காகப் பேட்டரியையும் மாற்ற வேண்டாம். 3,000 கொடுத்துப் பேட்டரி போட்டால் வாங்குகிறவர் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலே அதிகம். உயிர் வருவது, திரை தெரிவது ஆகிய இரண்டுக்கும் செலவழித்தது விற்பனை விலையில் பெரும்பாலும் திரும்பி வரும். பேட்டரி, கீபோர்டு, தளர்ந்த கீல் ஆகியவற்றுக்குப் போட்டது அப்படித் திரும்புவதில்லை. அவை வைத்துப் பயன்படுத்துகிறவருக்கான செலவு.

வைத்துப் பயன்படுத்தப் போகிறவருடைய கேள்வி வேறு. அவர் பழுதுக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் வாங்குவது காலத்தை. இன்னும் எத்தனை மாதம் இது ஓடும், அந்த மாதங்களை வேறு வழியில் வாங்கினால் என்ன விலை என்பதுதான் ஒப்பிட வேண்டியது. நான் போடும் கணக்கு இதுதான்.

முதலில் மாற்று வழியின் மாதச் செலவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியைக்குப் புதிய லேப்டாப் 54,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு 9,000-க்கு விற்றால், தேய்ந்த 45,000 ரூபாய் அறுபது மாதத்துக்குப் பிரிந்து மாதம் 750 ஆகிறது. இன்னொரு வழி, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்துவிட்டு, கடைக்காரர்கள் சரிபார்த்து விற்கும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப். பதினோராம் தலைமுறை i5 போட்ட அப்படி ஒன்று, கடை வாரண்டியோடு, அவருக்கு 24,000-க்குக் கிடைப்பதாக இருந்தது. மூன்று வருடம் ஓட்டி 6,000-க்கு விற்றால், 18,000 ரூபாய் முப்பத்தாறு மாதத்துக்குப் பிரிந்து மாதம் 500.

இந்த இரண்டில் மலிவான 500-ஐ எடுத்துக்கொண்டு பழுதுச் செலவை அதால் வகுக்க வேண்டும். ரிச்சி தெருவின் 5,500-ஐ 500-ஆல் வகுத்தால் 11. சரிசெய்த லேப்டாப் பதினோரு மாதம் தாங்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு அது நின்றேபோனாலும் நஷ்டம் இல்லை. பேட்டரியையும் சேர்த்து 8,500 என்றால் பதினேழு மாதம். சர்வீஸ் சென்டரின் 24,000-த்தோடு பேட்டரிக்கு 3,000 சேர்த்தால் 27,000; வகுத்தால் ஐம்பத்து நான்கு மாதம். அதாவது அந்த லேப்டாப் தன் பத்தாவது வயது வரை ஓடினால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். 24,000, 5,500 என்று கேட்கும்போது ஒன்று அதிகம், ஒன்று குறைவு என்று மட்டும்தான் தோன்றும். ஐம்பத்து நான்கு மாதம், பதினோரு மாதம் என்று கேட்கும்போது இந்த இயந்திரத்தால் முடியுமா என்று யோசிக்க முடிகிறது.

இந்தக் கணக்கில் நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறேன். சரிசெய்த லேப்டாப் கடைசியில் நின்றுபோய்விடும், அப்போதும் அதன் பழுதான நிலை விலையே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். உண்மையில் அது ஓடிக்கொண்டிருந்தால் நல்ல விலைக்கு விற்கலாம். அந்தப் பணம் கூடுதல் வரவு. நின்றுபோனால், இன்று 4,000 போவது அன்று சற்றுக் குறைந்தும் போகலாம். இந்த இரண்டையும் உள்ளே இழுத்தால் கணக்கு நுணுக்கமாகும், விடை பெரிதாக மாறாது. வீட்டுக் கணக்குக்கு ஒரு வகுத்தல் போதும்.

இனி முக்கியமான பகுதி. பதினோரு மாதம் தாங்குமா? இதற்கு விடை லேப்டாப்பின் வயதில் மட்டும் இல்லை. என்ன பழுது என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. 'போர்டு போயிடுச்சு' என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று நான்கு வேறுபட்ட நோய்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

ரிச்சி தெருக் கடையில் அந்த லேப்டாப்பைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மேசைமேல் இருக்கும் டிசி பவர் சப்ளையிலிருந்து 19 வோல்ட் கொடுத்துப் பார்த்தார்கள். மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்பதை அந்தப் பெட்டி எண்ணில் காட்டும். எதுவுமே இழுக்கவில்லை என்றால் உள்ளே வரும் வழியில் எங்கோ தடை. கொடுத்தவுடன் எண் ஏகத்துக்கு ஏறினால் எங்கோ ஷார்ட். இங்கே ஷார்ட். அடுத்து மல்டிமீட்டரை வைத்து எந்த லைனில் என்று தேடினார்கள். பிறகு அந்த லைனில் ஏறத்தாழ ஒரு வோல்ட் மட்டும் கொடுத்தால், ஷார்ட்டான பாகம் தனியாகச் சூடாகும். போர்டின்மேல் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தடவினால் அந்த இடம் முதலில் காயும். தெர்மல் கேமரா இருந்தால் நேராகவே தெரியும். அரிசி மணியைவிடச் சிறிய ஒரு செராமிக் கெபாசிட்டர்தான் குற்றவாளி.

ஆசிரியை அங்கே கேட்ட கேள்விகள் எல்லோரும் கேட்க வேண்டியவை.

"அண்ணா, போர்டுல எது போயிருக்கு?"

"மெயின் லைன் ஷார்ட் மேடம். ஒரு கெபாசிட்டர். மாத்திட்டா ஆன் ஆயிடும்."

"ப்ராசஸர் நல்லா இருக்கா?"

"அந்த லைனை மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். ஷார்ட் இல்ல."

"தண்ணி ஏதாவது பட்டிருக்கா?"

"இல்ல மேடம், போர்டு கிளீனா இருக்கு. நீங்களே பாருங்க."

கெபாசிட்டரின் விலை சில ரூபாய்தான். 5,500 எதற்கு என்று சிலர் சண்டை போடுவார்கள். அது வேண்டாத சண்டை. கொடுக்கும் பணம் அந்தப் பாகத்தைக் கண்டுபிடித்த கைக்கும், பக்கத்துப் பாகங்களைக் கெடுக்காமல் எடுத்துப் பொருத்தும் திறமைக்கும். நமக்கு வேண்டிய தகவல் வேறு: கெட்டது தனித்த ஒரு பாகம், அது மாற்றப்பட்டுவிட்டது, மற்றவை நன்றாக உள்ளன. இந்த வகைப் பழுது நன்றாகச் சரிசெய்யப்பட்டால் வருடக்கணக்கில் தாங்கக்கூடியது.

ப்ராசஸரைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி என்பதற்கும் காரணம் உண்டு. இப்போதைய லேப்டாப்புகளில் ப்ராசஸர் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு வோல்ட் அளவில்தான் மின்சாரம் போக வேண்டும். இடையில் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட்டாகிவிட்டால், 19 வோல்ட் நேராக உள்ளே பாய்ந்து ப்ராசஸரையே கொன்றுவிடலாம். அப்படி நடந்திருந்தால் வெளியே எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை.

கேம் விளையாடவும் வீடியோ எடிட்டிங்குக்கும் வாங்கும் லேப்டாப்புகளில் தனி கிராஃபிக்ஸ் சிப் இருக்கும். அது கெட்டால் 'ரீபால்' செய்து தருகிறோம் என்பார்கள். சிப்பை எடுத்து, அடியில் உள்ள ஈய உருண்டைகளைப் புதிதாகப் போட்டு, மறுபடி ஒட்டும் வேலை. பல நேரங்களில் கோளாறு அந்த உருண்டைகளில் இருப்பதில்லை, சிப்பின் உள் இணைப்பில் இருக்கிறது. சூடு பட்டதும் அது தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கிறது, திரை வந்துவிடுகிறது, சில வாரமோ சில மாதமோ கழித்து அதே இடத்தில் திரும்பவும் விட்டுப்போகிறது. சிப்பை மாற்றாமல் சூடு மட்டும் காட்டிக் கொடுக்கும் வேலைக்குப் பதினோரு மாதம் தேவை என்று கணக்கு வந்தால், என் முடிவு வேண்டாம் என்பதுதான்.

டீ, காபி கொட்டிய போர்டு இன்னொரு வகை. இனிப்பும் பாலும் கலந்த திரவம் சிப்புகளுக்கு அடியில் தங்கிவிடும். மேலே கழுவினாலும் அடியில் அரிப்பு மெல்ல நடந்துகொண்டே இருக்கும். இன்று கீபோர்டு லைன், இரண்டு மாதம் கழித்து யுஎஸ்பி, பிறகு சார்ஜிங் என்று ஒவ்வொன்றாகப் போகும். கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும் இதற்கு ஆயுள் சொல்ல முடியாது. தண்ணீர் பட்ட போர்டுக்கு வாரண்டி இல்லை என்று பல கடைகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த மறுப்பையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

நாலாவது, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய போர்டைப் போட்டுத் தருவது. விலை நடுத்தரமாக இருக்கும். அந்த போர்டு எத்தனை வருடம் எப்படி ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் லேப்டாப்பின் வயது என்று நீங்கள் நினைப்பது அதற்குப் பிறகு பொருந்தாது.

இதனால்தான் கடைக்காரர் 'போர்டு பிராப்ளம்' என்று மட்டும் சொல்லித் தொகை சொன்னால், அந்தத் தொகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. திறந்து பார்க்கச் சில நூறு ரூபாய் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கெட்ட பாகத்தின் பெயர் தெரிந்த பிறகுதான் மாதக் கணக்குக்குப் பொருள் உண்டு.

வயதுக்கு வருவோம். லேப்டாப்புக்கு இரண்டு வயது உண்டு: நாம் வாங்கிய நாளிலிருந்து ஒன்று, ப்ராசஸரின் தலைமுறையிலிருந்து இன்னொன்று. தள்ளுபடியில் வாங்கிய லேப்டாப்பில் வாங்கும்போதே இரண்டு வருடப் பழைய ப்ராசஸர் இருப்பது உண்டு. இன்டெல் என்றால், i5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். i5-7200U ஏழாம் தலைமுறை, i5-8250U எட்டாம் தலைமுறை, ஆசிரியையின் i5-1035G1 பத்தாம் தலைமுறை.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்து 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கலாம். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரப்பூர்வமாக அனுமதிப்பது, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே ஏழாம் தலைமுறை லேப்டாப்புக்குப் பதினேழு மாதம் தேவை என்று கணக்கு வந்தால், இயந்திரம் தாங்கினாலும் மென்பொருள் தாங்காது. லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு இந்தக் கோடு பெரிய தடை இல்லை. விற்கும்போது மட்டும் அது அவரையும் பிடிக்கும். வாங்க வருகிறவர் முதலில் கேட்பது 'விண்டோஸ் 11 ஓடுமா' என்பதைத்தான்.

ஆசிரியையின் லேப்டாப் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு எஞ்சியது பேட்டரி. இயந்திரம் ஓடும் நிலையில் இருப்பவர்கள் பேட்டரியின் நிலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கமாண்ட் ப்ராம்ட்டில் இதைத் தட்டினால் போதும்:

```
powercfg /batteryreport
```

உருவாகும் கோப்பைத் திறந்தால் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது புதிதாக இருந்தபோது பிடித்த அளவு, பின்னது இன்று பிடிக்கும் அளவு. இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே போய்விட்டால், பழுதுத் தொகையோடு பேட்டரி விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

அவர் லேப்டாப்பை மேசைமேல், சார்ஜரில் செருகியபடியே பயன்படுத்துகிறார். மின்சாரம் போனால் கோப்பைச் சேமித்து மூட நாற்பது நிமிடம் தாராளம். அதனால் போர்டு வேலையை மட்டும் செய்துகொண்டு, பேட்டரியைத் தள்ளிப்போட்டார். இது எனக்குப் பிடித்த முடிவு. போர்டு நிற்குமா நிற்காதா என்று தெரியாத நேரத்தில் அவர் பணயம் வைப்பது 5,500 மட்டுமே. தேவைப்படும் காலம் பதினேழிலிருந்து பதினோரு மாதமாகக் குறைகிறது. வாரண்டி காலம் முழுக்க ஓடிக் காட்டிய பிறகு பேட்டரிக்குச் செலவழிக்கலாம். ஒரு விதிவிலக்கு: பேட்டரி உப்பியிருந்தால் தள்ளிப்போடவே கூடாது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டாலோ, அடிமூடி பிதுங்கினாலோ, புதியது வாங்குகிறோமோ இல்லையோ, பழையதை அன்றே கடைக்காரரைக் கொண்டு கழற்றிவிட வேண்டும். தீப்பிடிக்கக்கூடியது.

உள்ளே இருக்கும் கோப்புகளின் மதிப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'குழந்தை போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு' என்பதற்காக 24,000 கொடுத்து போர்டு மாற்றியவர்கள் உண்டு. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடியது. அதை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் கோப்புகள் கிடைத்துவிடும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருந்தால் aka.ms/myrecoverykey என்ற முகவரியில் பார்க்கலாம். போர்டை மாற்றினால் உங்கள் சொந்த லேப்டாப்பே இந்த எண்ணைக் கேட்கும் என்பதால், வேலைக்குக் கொடுக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஆப்பிளின் அண்மைக்கால மேக்புக்குகளில் இந்த வழி இல்லை. சேமிப்புச் சிப் போர்டோடு பிணைந்தது. அங்கே மட்டும் போர்டைக் காப்பாற்றுவதும் கோப்பைக் காப்பாற்றுவதும் ஒன்றாகிவிடுகின்றன.

கோப்புகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால், கடைக்காரரிடம் பேசும்போது அவசரம் இருக்காது. பில்லில் என்ன பாகம் மாற்றப்பட்டது, எத்தனை நாள் வாரண்டி, சரியாகாவிட்டால் பணம் உண்டா இல்லையா என்பதை எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த லேப்டாப்பைப் பத்திரமாக அலமாரியில் வைக்காதீர்கள். வாரண்டி இருக்கும் மூன்று மாதத்தில்தான் அதை நன்றாக வேலை வாங்க வேண்டும். சார்ஜரில் போட்டு மணிக்கணக்கில் வீடியோ ஓடட்டும், நாலைந்து வேலைகளை ஒரே நேரத்தில் கொடுங்கள், தூங்கவிட்டு எழுப்புங்கள். பலவீனமான வேலை பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான் வெளிப்படும், அப்போது கடைக்காரர் பொறுப்பில் இருக்கிறார்.

வாரண்டி முடிந்து, நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ மறுபடி நின்றுபோனால்? கடைக்காரர் இந்த முறை 3,000 என்று சொல்லக்கூடும். ஏற்கெனவே 5,500 போட்டிருக்கிறோமே என்ற எண்ணம் அப்போது கையைப் பிடித்து இழுக்கும். அந்த 5,500-ஐயும், 2020-ல் கொடுத்த 48,000-ஐப் போலவே, ஒதுக்கிவிட்டுப் புதிதாக வகுக்க வேண்டும். 3,000-ஐ 500-ஆல் வகுத்தால் ஆறு மாதம். எண் சிறியதுதான். ஆனால் நன்றாகச் சரிசெய்த போர்டு ஐந்து மாதத்தில் நின்றது என்பது முதல்முறை நம்மிடம் இல்லாத புதிய தகவல். கெட்டது அதே பாகம்தானா, வேறா என்று கேளுங்கள். அதே கெபாசிட்டர் அதே இடத்தில் மறுபடி போயிருந்தால், அதைக் கெடுக்கும் மூலக் காரணம் வேறெங்கோ இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காத கடைக்கு ஆறு மாதத்தை நம்பிக் கொடுக்க முடியாது. அந்த நிலையில் எஸ்எஸ்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பழுதான நிலை விலைக்கே கொடுத்துவிடலாம். வேறு பாகம், காரணமும் தெளிவு என்றால் 3,000 கொடுக்கலாம்.